எண்பது எங்கே போனது

எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. கையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். யாரையும் அடிக்க மாட்டார், மேஜையைத்தான் தட்டுவார். மனிதர்களை அடிக்க அவருக்கு வாயே போதும்.

நான் அறிவியல் டீச்சர். அறிவியல் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போவது என் வேலையாக இருந்தது. போன வருடம் தலைக்கு அறுநூற்றுத் தொண்ணூறு என்று வசூலித்தேன். நாற்பத்தைந்து பிள்ளைகள் பணம் கட்டினார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ஸ்கேல் திடீரென்று ஒரு சிறப்புத் தேர்வு வைத்து, ஆறு பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார். அவர்களுக்குக் கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆறு பேர் வரவில்லை என்று பஸ்காரர் வாடகையைக் குறைப்பாரா? பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் இலவசம் என்பது பூங்காவின் விதி. நாற்பத்தைந்து முப்பத்தொன்பது ஆனதும் மூன்று இலவச டிக்கெட் இரண்டாகிவிட்டது. கடைசியில் இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு துண்டு விழுந்தது.

"சுற்றறிக்கையில கையெழுத்து போட்டவங்கதான் பொறுப்பேத்துக்கணும் மேடம். இல்லன்னா எல்லாரும் இஷ்டத்துக்குக் கணக்கு போடுவாங்க" என்று தலைமையாசிரியையிடம் சொன்னது ஸ்கேல். அன்றிலிருந்து அது பள்ளியின் விதியாகிவிட்டது. அந்தத் தொகை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அதையாவது மறந்திருப்பேன். இந்த வருடம் அவரே சுற்றுலாவை எடுத்துக்கொண்டு, "தலைக்கு அறுநூற்றுப் பத்து" என்று அறிவித்தார். அதே பூங்கா, அதே பஸ், எதிலும் விலை ஏறவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன தடவை ஒரு பிள்ளைக்கு எண்பது கூட வாங்கியிருக்காங்க. அந்த எண்பது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

தெரியாதாம். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மறுநாளிலிருந்து பிள்ளைகளை விடவரும் அம்மாக்கள் என் முகத்தைப் பார்க்காமல் என் கைப்பையைப் பார்த்தார்கள்.

அவருடைய சுற்றறிக்கையை வாங்கிப் படித்தேன். பஸ் வாடகை பதினெட்டாயிரம், ஐம்பது சீட்டு, ஆளுக்கு முந்நூற்று அறுபது. நுழைவு நூறு. சாப்பாடு நூற்றைம்பது. கூட்டினால் அறுநூற்றுப் பத்து. படித்ததும் சிரிப்பு வந்தது. ஐம்பது சீட்டில் ஐந்தில் நாங்கள் ஆசிரியர்கள் அல்லவா உட்காருவோம்? நாங்கள் காசு கொடுக்க மாட்டோம். வாடகையை நாற்பத்தைந்தால் வகுத்தால் ஆளுக்கு நானூறு. ஐந்து ஆசிரியர்களில் மூன்று பேருக்குத்தான் இலவச டிக்கெட், மற்ற இரண்டு பேருக்கும் பெரியவர்கள் கட்டணம் இருநூறு இருநூறு கட்ட வேண்டும். எங்கள் ஐந்து பேரோடு டிரைவரும் கிளீனரும் சாப்பிடுவார்கள். அந்த ஏழு சாப்பாடு கணக்கிலேயே இல்லை. எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்து எழுநூறு செலவு. அவர் கையில் இருக்கப்போவது இருபத்தேழாயிரத்து நானூற்றைம்பது.

ஒரே ஒரு தடவை சொன்னேன். தலைமையாசிரியை அறையில், அவரையும் வைத்துக்கொண்டு. "மேடம், இது பத்தாது. டீச்சருங்களுக்கு ஃப்ரீன்னா அந்தச் செலவு பிள்ளைங்க தலையில போட்டுத்தான் வகுக்கணும்."

ஸ்கேல் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "கணக்கு வாத்தியாருக்கே வகுத்தல் சொல்லித் தர்றாங்க மேடம்."

தலைமையாசிரியையும் சிரித்துவிட்டார். "விடும்மா, அவர் பாத்துக்குவார்."

சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள் மட்டும், மகனே, சாயங்காலம் பஸ்காரர் மீதிப் பணம் கேட்கும்போது உன் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்வானேன்.

தலைமையாசிரியையும் சேர்த்து ஐந்து ஆசிரியர்கள் போனோம். பூங்கா வாசலில் டிக்கெட் கொடுக்கிற பெண் தலைகளை எண்ணினாள். "நாப்பத்தஞ்சு பிள்ளைங்க, மூணு டீச்சர் ஃப்ரீ. இன்னும் ரெண்டு டிக்கெட் எடுக்கணும் சார்."

"அஞ்சு பேருமே பிள்ளைங்களப் பாத்துக்கத்தாம்மா வந்திருக்கோம்."

"இருக்கலாம் சார். நானூறு குடுங்க."

கொடுத்தார். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் டிரைவரும் கிளீனரும் கை கழுவிவிட்டு எங்கள் மேஜையில் வந்து உட்கார்ந்தார்கள். "இவங்களுக்குமா?" என்று ஸ்கேல் என்னிடம் கேட்டார். "வண்டி எடுத்தவங்கதான் சாப்பாடு போடணும் சார், எங்கயும் அப்படித்தான்" என்று டிரைவரே பதில் சொன்னார். ஐம்பத்திரண்டு சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஸ்கேல் ஓரமாகப் போய்ப் பையைத் திறந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பஸ்காரருக்கு முன்பணம் ஐயாயிரம் போக இன்னும் பதின்மூன்றாயிரம் தர வேண்டும். பையில் இருந்தது ஒன்பதாயிரத்து எழுநூற்றைம்பது. முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு அப்படி ருசித்தது.

ஆனால் அடுத்து அவர் செய்தது நான் எதிர்பார்க்காதது. எழுந்து ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். "எல்லாரும் கேளுங்க. ஆளுக்கு எழுபத்தஞ்சு எடுத்து வைங்க. கைச்செலவுக்கு வச்சிருப்பீங்கள்ல?"

பிள்ளைகள் திருதிருவென விழித்தார்கள். என் வகுப்பில் ஒரு தையல்காரர் மகள் இருக்கிறாள். பூங்காக் கடையில் ஒரு காந்தம் வாங்க வேண்டுமென்று மாதக்கணக்கில் சேர்த்த காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சுற்றினாள். அவள் கையை நீட்டினாள். எழுபதுதான் இருந்தது. "மீதி அஞ்சு ரூபா நாளைக்குத் தரேன் சார்" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க நினைத்த எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. அந்தக் கையை மூடிவிட்டு எழுந்தேன்.

"சார், உங்க சுற்றறிக்கையில கடைசி வரி என்ன?"

நானே கைப்பையிலிருந்து எடுத்துப் படித்தேன். "'இதற்கு மேல் எந்தக் கட்டணமும் வசூலிக்கப்படாது.' கீழ உங்க கையெழுத்து."

"இப்ப எதுக்கு அத..."

"மேடம் இருக்காங்க, பிள்ளைங்க இருக்காங்க. எல்லாருக்கும் தெரியட்டும் சார். அந்த எண்பது எங்க போச்சுன்னு கேட்டீங்களே, இப்ப சொல்றேன். பஸ்ல நீங்க காலை நீட்டி உக்காந்து வந்தீங்களே, அந்த சீட்டுக்குப் போச்சு. நீங்க எடுத்த டிக்கெட்டுக்குப் போச்சு. இப்ப சாப்பிட்டீங்களே, அதுக்கும் போச்சு. உங்களுக்கும் எனக்கும் மேடத்துக்கும் இந்தப் பிள்ளைங்கதான் சார் காசு குடுத்திருக்கு. அதை மறைக்காமப் போட்டேன், என்னைத் திருடின்னீங்க."

கூடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்கூட நின்றுவிட்டார். தலைமையாசிரியை அந்தச் சுற்றறிக்கையை என் கையிலிருந்து வாங்கினார். பின்பக்கத்தில் அவரே எழுதிக் கூட்டினார், நாற்பத்தைந்தால் வகுத்தார். அறுநூற்று எண்பத்திரண்டு சொச்சம் வந்தது. நான் போன வருடம் வாங்கியது அறுநூற்றுத் தொண்ணூறு. தலைமையாசிரியை அந்தத் தாளை ஸ்கேல் பக்கம் நீட்டினார்.

"வாசல் பக்கத்துல ஏடிஎம் இருக்கு சார்" என்றார் கடைசியில். "மூவாயிரத்து இருநூத்தம்பது. விதி நீங்க போட்டதுதான்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "உங்க பணம் அடுத்த சம்பளத்துல வந்துரும்மா. கூட்டத்துலயும் நானே சொல்றேன்" என்றார்.

சாயங்காலம் ஸ்கேல் டிரைவர் கையில் நோட்டுகளை எண்ணி வைத்தார். நினைத்தபடி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கடைசி நோட்டு வரை பார்த்தேன். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் மகள் காந்தத்தை ஜன்னல் கம்பியில் ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? இன்னொரு தடவ அழுத்திச் சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொல்லியிருக்கலாம் சார்" என்றேன். "அப்புறம் நீங்க எங்க இதை எண்ணிக் குடுக்கப் போறீங்க?"