குறைந்த மாதத்தின் கணக்கு

விற்பனையாளர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பியபோது, மேசைக்கு அடியில் கணவனின் கை அவளுடைய விரல்களைப் பிடித்து நசுக்கியது. பின்னாலிருந்து பார்த்தால், கை கோர்த்தபடி கார் வாங்க வந்த புருஷனும் பெண்டாட்டியும் என்றுதான் தோன்றும்.

“மேடம் அக்கவுண்ட்ல ஒரு வருஷமா சராசரியா மாசம் அறுபத்திரண்டாயிரம் வரவு. தவணை பதினாலாயிரத்து ஐந்நூறு, ஏழு வருஷம். தாராளமா கட்டலாம் சார்,” என்றார் விற்பனையாளர்.

“வரவு முழுக்க என்னோட...” என்று அவள் ஆரம்பித்தாள். கணவனின் மோதிரம் அவளுடைய விரல் எலும்பின் மேல் ஏறியது. மீதி வார்த்தைகளை விழுங்கினாள்.

அவள் புகைப்படக்காரி. யாரிடமும் மாதச் சம்பளம் வாங்குவதில்லை. விழாக்கள், கடைகளின் விளம்பரப் படங்கள் என்று கூப்பிட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். அவனுக்கு மாதச் சம்பளம் உண்டு. பழைய கடன்கள் அதை வாசலிலேயே வழிமறித்து வாங்கிக்கொண்டுவிடும். இரண்டு வங்கிகளில் தவணை தவறியவன் என்பதால் அவன் பெயரில் சைக்கிளுக்குக்கூடக் கடன் கிடைக்காது. அதனால்தான் விண்ணப்பம் அவள் பெயரில்.

கையெழுத்துப் போட்டாள். அந்த விரல்களைத் திரும்பப் பெற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“நாளைக்குக் காலைல பேங்க் சார்பா ஒருத்தர் வீட்டுக்கு வருவார் மேடம். சொந்தத் தொழில் பண்றவங்களை நேர்ல பாத்து விசாரிப்பாங்க. சும்மா ஒரு சடங்குதான்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் பையை இறக்கினாள். லைட் ஸ்டாண்டுகளும் கேமராவும் சேர்ந்து பதினெட்டுக் கிலோ. இதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கியே அவளுடைய வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருந்தது. வண்டி வேண்டாம் என்று அவள் என்றைக்குமே சொன்னதில்லை. எவ்வளவு பெரிய வண்டி என்பதுதான் பேச்சு.

“ஒரு நிமிஷம் உக்காந்து கேளுங்க,” என்றாள். “அறுபத்திரண்டுல பதினஞ்சு என்கூட வர்ற பசங்க கூலி, லென்ஸ் வாடகை. வந்த சூட்டோட போயிடும். மீதி நாப்பத்தேழு. வாடகை, சாப்பாடு, கரண்ட்டுனு வீட்டுக்கு முப்பத்தெட்டு. கையில நிக்கறது ஒன்பது. தவணையோட பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேத்தா கார் கேக்கறது இருபத்தொண்ணு.”

“சீசன்ல ரெண்டு லட்சம் வந்துச்சே. அது என்ன காத்துலயா போச்சு?”

“அதை வெச்சுத்தான் மழை மாசத்தை ஓட்டினோம். போன மழைக்கு ஒரு மாசம் எனக்கு வந்தது வெறும் ஒன்பதாயிரம். பேங்க் சராசரி பாத்தா தவணையைப் பிடிக்கும்? ஒவ்வொரு மாசமும் அஞ்சாந்தேதி பிடிக்கும். நான் குறைஞ்ச மாசத்தை வெச்சுத்தான் முடிவெடுக்கணும். சேமிப்பு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் இருக்கு. வேலையே இல்லேன்னாலும் அஞ்சு மாசம் தள்ளலாம். முன்பணம்னு ஒண்ணரை லட்சத்தை அவங்ககிட்ட தூக்கிக் குடுத்துட்டா ஒரு மாசம்தான் மிஞ்சும். நாப்பத்தஞ்சாயிரத்துக்கு நல்ல பழைய ஸ்கூட்டர் வருது. ரொக்கமா குடுத்துடலாம். தவணையே கிடையாது.”

“ஸ்கூட்டரா?” சிரித்தான். “என் தம்பி கார்ல வந்து இறங்குவான். நான் உன் பின்னாடி ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு வரணும். அப்படித்தானே?”

“நாளைக்கு வர்றவர்கிட்ட இதைத்தான் சொல்லப்போறேன்.”

சொல்லி முடிக்கும்போதே அறை விழுந்தது. காதுக்குள் நீண்ட ஊளைச் சத்தம். அவன் கேமராப் பையைத் திறந்து பெரிய லென்ஸை எடுத்துச் சுவரில் அடித்தான். கண்ணாடி தரையெங்கும் சிதறியது. உள்ளறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ள ஓடினாள். கதவு நிலையைப் பிடித்திருந்த வலது கையை எடுப்பதற்குள் அவன் கதவைச் சாத்தினான். ஒருமுறை சாத்தி, திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் சாத்தினான்.

அந்த இரண்டாவது தடவையைப் பற்றித்தான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையைக் கோபம் என்று சொல்லித் தன்னை ஏமாற்றிக்கொள்ளலாம். ஆறு வருடமாக அதைத்தானே செய்துவந்தாள். இரண்டாவதற்கு முன்னால் அவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றதற்கு, “நாளைக்கு அந்த ஆள் வந்துட்டுப் போகட்டும்,” என்று வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எந்தக் கையை வைத்து எண்பத்து நான்கு தவணை கட்டவேண்டுமோ, அந்தக் கையைத்தான் நசுக்கியிருக்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. எழுந்து போய் அதை எடுத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவனுக்காக இன்னமும் கணக்குப் போடும் தன் மனதின் மேல் அருவருப்பு வந்தது.

காலை பத்து மணிக்கு வங்கி அனுப்பிய விசாரணைக்காரர் வந்தார். ஐம்பது வயது, கையில் ஹெல்மெட், கக்கத்தில் படிவம். அவள் வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

“சொந்த வீடா வாடகையா?”

“வாடகை,” என்றான் கணவன்.

“தொழில் எத்தனை வருஷமா?”

“எட்டு வருஷம் சார். டாப்ல போயிட்டிருக்கு.”

“விண்ணப்பம் மேடம் பேர்ல. அவங்க பேசட்டுமே சார்,” என்றவர் அவளைப் பார்த்தார். “மாச வருமானம் எவ்வளவும்மா?”

“இந்த மாசம் ஒண்ணுமில்ல சார்,” என்றாள். “அடுத்த மாசமும் இருக்காது.”

“தமாஷ் பண்றா சார்.” கணவன் அவள் தோளில் கை போட்டு அழுத்தினான்.

விசாரணைக்காரர் பேனாவை மூடினார். “வீட்டுல மேடத்தை ஒரு போட்டோ எடுக்கணும். இடமும் நேரமும் அதுலயே பதிஞ்சுடும். அப்படியே நில்லுங்க.”

“இங்க வெளிச்சம் பத்தாது,” என்றாள். ஜன்னலருகே போய் நின்றாள். வீங்கிய கன்னத்தின் மேல் பக்கவாட்டில் ஒளி விழும்படி முகத்தைத் திருப்பினாள். துப்பட்டாவை விலக்கிக் கையை நெஞ்சுக்கு நேராக உயர்த்தினாள். மூன்று விரல்கள் கறுத்து, ஒன்று போகக்கூடாத திசையில் மடங்கியிருந்தது.

“எடுங்க சார். கிட்ட வந்து இன்னொண்ணும் எடுங்க.”

அவருடைய போன் இரண்டு தடவை சொடுக்கியது. கணவன் அதைப் பிடுங்கப் பாய்ந்து அவரைச் சுவரோடு தள்ளினான். ஹெல்மெட் உருண்டது. “அழிடா அதை!” என்று அவர் கழுத்தைப் பிடித்தான்.

லைட் ஸ்டாண்டை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இடது கையால் வீசியதில் அது அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பில் இரும்பு படும் சத்தம் கேட்டது. கத்திக்கொண்டே விழுந்தான். மறுபடியும் ஓங்கினாள். இந்த முறை அவளுக்கும் யோசிக்க நேரம் இருந்தது. அடிக்க வேண்டும் என்று உடம்பு முழுக்க ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசை தனக்குள் இருந்ததைப் பார்த்துப் பயந்துதான் ஸ்டாண்டைக் கீழே போட்டாள்.

“உள்ள வராதடி திரும்பி! கொன்னுடுவேன்!”

“வர மாட்டேன்,” என்றாள்.

விசாரணைக்காரர் இருமியபடியே கதவைத் திறந்து பிடித்தார். அவள் கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவில் அவருடைய பைக்கின் பின்னால் ஏறினாள். “ஆஸ்பத்திரிக்கு விடுங்க சார். அந்தப் போட்டோவை எனக்கும் அனுப்புங்க.”

“போலீஸ் கேட்டாலும் குடுப்பேம்மா. என் கழுத்தையும் பிடிச்சான்ல?” என்றார். கொஞ்ச தூரம் போனபின், “படிவத்துல என்ன எழுதட்டும்?” என்று கேட்டார்.

“கடன் குடுக்க வேண்டாம்னு எழுதுங்க.”

பள்ளத்தில் பைக் குதித்தது. வலி தோள்வரை ஏறி இறங்கியது. மனதுக்குள் புதுக் கணக்கு ஓடியது. எலும்பு சேர எப்படியும் ஆறு வாரம். தனியாகக் குடியிருக்க ஓர் அறைக்கு முன்பணம் முப்பதாயிரம், வைத்தியம், உடைந்த லென்ஸ். இந்த மாதம் சுழி, அடுத்த மாதமும் சுழி. ஸ்கூட்டர்கூட இப்போதைக்கு முடியாது.

“பஸ்தான்,” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார். நீங்க வேகமா போங்க.”