மூன்று சப்பாத்துகள்

ஒரே கிழமையில், ஏழே நாளில், மூன்று குழந்தைகளின் இதயமும் எப்படிச் சப்பாத்து வடிவத்துக்கு மாறும் என்பது டொக்டர் பஹ்மிதாவுக்கு விளங்கவேயில்லை.

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வாட்டில் மேசையில் இருந்த கணினித் திரையில் மூன்று நெஞ்சு எக்ஸ்ரேக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதயத்தின் கீழ் நுனி சாதாரணமாக இடப்பக்கமாகக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். இந்த மூன்றிலும் அது மேலே தூக்கிக்கொண்டு நின்றது, குதிக்காலை ஊன்றி முன்னங்காலை உயர்த்திய பூட்ஸ் சப்பாத்துப் போல. பிறவியிலேயே வரும் ஓர் இதயக் கோளாறில்தான் இந்த வடிவம் தெரியும். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஓட்டை இருக்கும். நுரையீரலுக்கு இரத்தம் போகிற வாசலும் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய வாசலில் தள்ளித் தள்ளி வலது கீழறையின் சதை தடித்துப்போகும். தடித்த அறை நுனியை மேலே தூக்கிவிடும். அபூர்வமான வருத்தம் அது, கண்டபடி வருகிற நோயில்லை. ஒரு சின்ன வாட்டில் ஒரே கிழமையில் மூன்று வராது.

முதல் இரண்டு பிள்ளைகளையும் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்க மட்டக்களப்புக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் இதயம் சுகம் என்று அறிக்கை வந்துவிட்டது. அதனால்தான், மூன்றாவது பிள்ளையைப் பற்றிச் சொல்ல அவள் போன் எடுத்தபோது, அங்கிருந்த இதயநோய் டொக்டர் சிரித்துவிட்டார்.

"என்ன மிஸ், உங்கட வாட்டில சப்பாத்துக் கடை போட்டிருக்கீங்களா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. மூன்றாவது பிள்ளை நூஹு, மூன்று மாதம். மருதமுனையில் தறி நெய்யும் வீடு. இருமல், மூச்சிரைப்பு என்று உம்மா சிபானா கொண்டுவந்திருந்தாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது ஒரு 'உஷ்' சத்தம் பஹ்மிதாவுக்குக் கேட்டது. ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளைகள் பலருக்கும் அப்படிக் கேட்கும். காலில் மாட்டிய ஒட்சிசன் அளக்கும் கருவி பிள்ளை தூங்கும்போது ஓரளவு நல்ல எண்ணையே காட்டியது; அழும்போது எண் விழுந்தது. ஆனால் அழுகிற பிள்ளை காலை உதைத்தால் எந்தக் கருவியும் தடுமாறத்தானே செய்யும்?

இதயநோய் டொக்டர் பொறுமையாகத்தான் கதைத்தார். எக்கோ கிளினிக்குக்கு இந்தக் கிழமையில் இன்றைக்குத்தான் கடைசி நாள், பின்னேரம் ஆட்கள் இருக்கிறார்கள், அடுத்தது கிழமைகள் தள்ளி. அந்த வடிவம் உண்மைதான் என்று அவள் உறுதியாகச் சொன்னால் பிள்ளையை உடனே பார்ப்பார். சொல்ல முடியாவிட்டால், சளி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கிளினிக்குக்கு எழுதட்டும்.

உண்மையில் அந்த வருத்தமே என்றால், அந்தக் கிழமைகளுக்குள் ஒரு நாள் பிள்ளை அழுது நீலம் பாய்ந்து மயங்கலாம். வீட்டில், உம்மாவின் மடியில்.

பஹ்மிதா இதயத்தைப் பார்ப்பதை விட்டாள். படத்தில் மற்றதெல்லாம் என்ன சொல்கிறது என்று பார்த்தாள். கழுத்தடியில் குறுக்கே கிடக்கும் காறையெலும்புகள். நேராக எடுத்த படத்தில் காறையெலும்பு நுரையீரலின் உச்சியின் மீதே குறுக்காக விழும். இந்த மூன்று படத்திலும் அது நுரையீரலுக்கு வெளியே, கழுத்துப் பக்கம் ஏறி நின்றது. விலா எலும்புகளின் முன்பாதி கீழே சரியாமல் கிடையாகக் கிடந்தது. அப்படியென்றால் மூன்று பிள்ளைகளும் நெஞ்சை நிமிர்த்தி, பின்னுக்கு வளைந்து படுத்திருக்கிறார்கள். விளக்குக்குக் கீழே ஒரு மாம்பழத்தைச் சரித்துப் பிடித்தால் நிழலின் மூக்கு இடம் மாறுகிற மாதிரி, வளைந்த நெஞ்சுக்குள் இருக்கிற நல்ல இதயத்தின் நிழலும் நுனியைத் தூக்கிக் காட்டும்.

முதல் இரண்டு சப்பாத்தும் பொய் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. மூன்றாவதும் பொய்தானா என்பதற்கு இன்னும் கிடைக்கவில்லை. பிள்ளை வளைந்து படுத்தது உண்மை. அதனால் மட்டும்தான் நுனி ஏறியதா?

நூஹுவைத் தூக்கிக்கொண்ட சிபானாவோடு அவள் எக்ஸ்ரே அறைக்கு இறங்கினாள். ஆலையடிவேம்பு ஊரிலிருந்து வந்து எக்ஸ்ரே எடுக்கும் பிரசாந் அங்கே இருந்தான். இந்தக் கிழமை படம் எடுக்கிற விதத்தில் என்ன மாறியது என்று கேட்டாள். ஒன்றும் மாறவில்லை என்றான். பிறகு, புதுப் பிளேட் வந்ததுதான் புதுசு என்றான். படத்தை நேரே கணினிக்கு அனுப்புகிற பிளேட். தண்ணீர் பட்டால் வீண்.

"இந்தக் கிழமை படம் எடுக்கிற நேரம் எப்படிக் கிடத்தினீங்களோ, அப்படியே இப்ப கிடத்திக் காட்டுங்க" என்றாள்.

பிரசாந் சிபானாவைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் பழகிய கையாய்த் தோளில் கிடந்த சாரத் துணியை எடுத்து, நாலாய் எட்டாய் மடித்து, பிள்ளையின் இடுப்புக்குக் கீழே வைத்தாள். மருதமுனைத் தறிச் சாரம், மடித்தால் சின்னத் தலையணை.

"ஏன் அங்க வைக்கிறீங்க?"

"அவன் மூத்திரம் போயிருவான் டொக்டர். பிளேட் பழுதாப் போனா என்ன செய்யிற? இவருதான் சொன்னாரு" என்றாள் சிபானா.

பிரசாந் கூரையைப் பார்த்தான். "ஓம், நான்தான் சொன்னன். எல்லா உம்மாமாருக்கும் சொன்னன்."

இடுப்பு உயர்ந்தது, தோள் தாழ்ந்தது, நெஞ்சு வளைந்தது. பிளேட் காய்ந்தே இருந்தது.

பஹ்மிதா சாரத்தை உருவி, மடிப்பை எல்லாம் பிரித்து, தலையிலிருந்து கால்வரை பிள்ளைக்குக் கீழே ஒரே மட்டமாக விரித்தாள். ஈரம் படாமல் அதற்கடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டார்கள். இடுப்பும் தோளும் ஒரு கோட்டில் வந்தன. இன்னொரு தரம் கதிர் படுகிறதே என்று சிபானா பயந்தாள். ஆகச் சின்ன அளவுதான், அதுவும் நெஞ்சுக்கு மட்டும்தான், ஆனால் இந்த ஒரு படம் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது என்று பஹ்மிதா விளக்கினாள். பிரசாந் கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சச் சதுரத்தை நெஞ்சளவுக்கு ஒடுக்கினான். பிள்ளை மூச்சை உள்ளே இழுத்த கணத்தில் பொத்தானை அழுத்தினான்.

திரையில் படம் வந்தது. பஹ்மிதா முதலில் இதயத்தைப் பார்க்கவில்லை. காறையெலும்பைப் பார்த்தாள், நுரையீரல் உச்சியின் மீதே, இருக்கவேண்டிய இடத்தில் கிடந்தது. விலா எலும்புகள் கீழே சரிந்திருந்தன. நெஞ்சு நேராக இருக்கிறது.

அதற்குப் பிறகே இதயம். நுனி இன்னும் தூக்கிக்கொண்டுதான் நின்றது.

சப்பாத்தின் கணுக்காலுக்கு மேலே, நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடி புடைத்திருக்கவேண்டிய இடம் உள்ளே குழிந்து போயிருந்தது. அந்தக் குழிவு இல்லாமல் நுனி மட்டும் ஏறினால் சந்தேகப்படலாம், ஆனால் இங்கே இரண்டும் சேர்ந்திருந்தன. முதல் இரண்டு பிள்ளைகளின் படங்களையும் பக்கத்தில் திறந்தாள். அவற்றில் நுரையீரலுக்குள் இரத்தக்குழாய்கள் மரக்கிளை போலப் பிரிந்து போயிருந்தன. அதே இயந்திரம், அதே பிளேட். நூஹுவின் நுரையீரலில் கிளைகள் மெலிந்து, அங்கங்கே ஒன்றிரண்டு, மீதி கறுப்பு. அங்கே போகவேண்டிய இரத்தம் போகவில்லை.

"இந்தச் சப்பாத்து உண்மை" என்றாள்.

சிபானா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஹ்மிதா கதிரையை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். பிள்ளையின் இதயத்தில் நுரையீரலுக்குப் போகிற வாசல் ஒடுக்கம், ஒபரேஷன் செய்து சரிப்படுத்துகிற வருத்தம்தான், பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ பார்த்தால் உறுதியாகும் என்று சொன்னாள்.

"தங்கச்சி, மட்டக்களப்புக்குப் போற வழியில அழுது நீலமானா, ரெண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோட சேத்துப் பிடிங்க, அப்ப நுரையீரலுக்கு இரத்தம் கொஞ்சம் கூடப் போகும். கூட வாற நேர்ஸுக்கும் சொல்லுவன். பயப்பிடாதீங்க."

சிபானா அப்போதே பிள்ளையின் காலை மடக்கிப் பார்த்தாள். "இப்படியா?" என்றாள். ஓம், இப்படித்தான்.

பஹ்மிதா போன் எடுத்தாள். நேராகக் கிடத்தி எடுத்த படம், காறையெலும்பு சரியான இடத்தில், நுனி மேலே, நாடி இடத்தில் குழிவு, நுரையீரலில் குழாய்கள் குறைவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இதயநோய் டொக்டர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "உடனே அம்புலன்ஸில ஏத்துங்க, நான் இருக்கன்" என்றார்.

அம்புலன்ஸ் வாசலைத் தாண்டியபோது பிரசாந் எக்ஸ்ரே மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தான்:

*துணியை மடித்து இடுப்புக்குக் கீழே வைக்க வேண்டாம். தலையிலிருந்து கால்வரை ஒரே மட்டமாக விரிக்கவும்.*