இடது பக்கச் சுருள்கள்

என் தங்கையின் தலைமுடியைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே வயிற்றில் பிறந்தோம். அவளுக்குத் தோளை மறைக்கிற சுருட்டை முடி. எனக்கு ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றினால்தான் நிற்கிற முடி. வீட்டில் அவளுக்குப் பெயரே சுருட்டைதான். எனக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. வைக்கிற அளவுக்கு என்னிடம் என்ன இருந்தது?

அந்த முடியை வைத்தே பிழைக்கவும் கற்றுக்கொண்டாள். பத்து வருஷம் யாரோ ஒருத்தியின் பார்லரில் முடி வெட்டினாள், இப்போது சொந்தக் கடை. வெள்ளிக்கிழமை திறப்பு. வாசல் கண்ணாடிக் கதவில் ஆளுயரத்துக்கு அவள் படத்தையே ஒட்டப்போகிறாளாம். அதை அச்சடிப்பது நான் வேலை செய்கிற பிரிண்டிங் கடை. சரிபார்த்து அச்சுக்கு அனுப்பவேண்டிய டிசைனர் நான். பதினாறு வருஷமாக ஊரார் முகத்துப் பருவையெல்லாம் துடைத்துக் கொடுக்கிறேன். என் மூஞ்சியை எந்தக் கதவிலும் எவரும் ஒட்டவில்லை.

படத்தை எடுத்தது என் வீட்டுக்காரர். அது கூடுதல் எரிச்சல். என்னை எடுத்தால் ஒன்று நான் கண்ணை மூடியிருப்பேன், இல்லையென்றால் அவர் கழுத்தோடு நறுக்கியிருப்பார். அவளை எடுக்கும்போது மட்டும் மனுஷனுக்குக் கை ஆடுவதே இல்லை. போன ஞாயிறு, பெயின்ட் காயாத அந்தக் கடையில், அவளுடைய போனிலேயே போர்ட்ரெய்ட் மோடு வைத்து எடுத்தார். "ஸ்டூடியோவே தோத்துடும்!" என்று அவரே தன்னை மெச்சிக்கொண்டார். நானும் அங்கேதான் இருந்தேன், எடுத்த படத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் படத்தைச் சாட்டில் அனுப்பினாள். கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகம் பளிச்சென்று இருந்தது, வலது பக்க முடியும் பரவாயில்லை. இடது பக்கம் எலி கடித்துவைத்த மாதிரி இருந்தது. போர்ட்ரெய்ட்டில் போன் என்ன செய்யும் என்றால், ஆள் எது, பின்னணி எது என்று தானே ஓர் எல்லை போட்டுக்கொள்ளும், எல்லைக்கு வெளியே இருப்பதையெல்லாம் மங்கலாக்கிவிடும். மெல்லிய சுருள்கள் அதன் கண்ணுக்கு அகப்படாது. காதுக்கு மேலே ஒரு கைப்பிடி முடியையே கரைத்துவிட்டிருந்தது. சந்தோஷப்பட்டேன். ஒளிப்பானேன்?

அரைமணி நேரத்தில் ஒப்பேற்றினேன். பிய்ந்த ஓரத்தை வழவழவென்று வளைத்து வெட்டி அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்தில் அவளிடமிருந்து அழைப்பு.

"அக்கா, என்ன இது? ஹெல்மெட் மாட்டி விட்டிருக்க?"

"நீ அனுப்பின படத்துல முடியே இல்ல. இல்லாத முடிக்கு நான் எங்கடி போவேன்?"

"இது முடி வெட்டற கடை அக்கா! வாசல்லயே முடி இப்படி இருந்தா எவ நம்பித் தலையைக் குடுப்பா? நாலு முடி வரைஞ்சு விடேன்."

"வரைஞ்சா இவ்வளவு பெரிய பிரிண்ட்ல பேனாக் கிறுக்கல் மாதிரி தெரியும். மங்கலாகாத ஒரிஜினல் உன் போன்லயே இருக்கும். படத்தைத் திறந்து எடிட்டுக்குப் போ, போர்ட்ரெய்ட்டை அணை, ஃபைலா அனுப்பு."

"அது... அழிஞ்சு போச்சுக்கா."

பொய். அவள் வைத்திருக்கிற போனில், மங்கலான படம் இருந்தால் மங்கலாகாததும் அதற்குள்ளேயே இருக்கும். எனக்குத் தெரியாதா? அப்படியென்றால் எதையோ மறைக்கிறாள். அன்றைக்கு நான் கிளம்பின பிறகு அவர் இன்னும் எத்தனை எடுத்தாரோ, எப்படியெல்லாம் நிற்கவைத்து எடுத்தாரோ!

"போனைக் கையோட எடுத்துக்கிட்டு இங்க வா. இல்லைன்னா ஹெல்மெட்தான் கதவுல ஒட்டும்" என்றேன்.

மதியம் வந்தாள். முடியைக் கொண்டையாக முடிந்திருந்தாள், அதிலும் நாலு சுருள் நெற்றியில் அழகாக விழுந்து தொலைத்தது. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கவில்லை, பிடுங்கினேன். வேறு படமே இல்லை, அந்த ஒன்றுதான். எடிட்டைத் திறந்தால், மங்கலைக் கூட்டிக் குறைக்கிற கோட்டில் புள்ளி கடைசி எல்லையில் போய் நின்றது.

"மங்கலை யாருடி இவ்வளவு ஏத்தினது? இப்படி ஏத்தினா ஓரமெல்லாம் கந்தலாத்தான் ஆகும்."

"நான்தான்."

"எதுக்கு?"

"அக்கா, வேணாம். வரைஞ்சே விட்டுடு, பரவால்ல."

போர்ட்ரெய்ட்டை அணைத்தேன். பின்னணி முழுக்கத் தெளிந்து வந்தது. வெள்ளைச் சுவர். ஏணி. பெயின்ட் வாளி. ஏணிப் பக்கத்தில் நான்.

கறுப்புச் சுடிதாரில் கையைக் கட்டிக்கொண்டு அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்படி ஒரு முகத்தை என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்த்ததே இல்லை. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண் இரண்டும் சுருங்கியிருந்தன. அடுத்தவர் கையிலிருக்கும் பாத்திரம் எப்போது விழுந்து உடையும் என்று காத்திருக்கிறவளின் முகம்.

அவளுடைய இடது பக்கச் சுருள்கள் சரியாக என் சுடிதார் மேல் வந்திருந்தன. கறுப்பின் மேல் கறுப்பு. போன் குழம்பிப்போய் அந்தச் சுருள்களையும் என்னுடையது என்று எண்ணி என்னோடு சேர்த்துக் கரைத்துவிட்டது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவள் முடி எனக்கு வந்தது, அதையும் இந்தப் பாழாய்ப்போன போன் அழித்துவிட்டது.

"இதை எப்ப பாத்த?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே. மாமா போனைக் கையில குடுத்ததும் பாத்தேன்."

"அவர் பாத்தாரா?"

"இல்லக்கா. கொஞ்சமா மங்கல் இருக்கும்போது உன் முகம் லேசா தெரிஞ்சுது. அவர் திரும்பிப் பாக்கறதுக்குள்ள கடைசி வரைக்கும் இழுத்து விட்டேன். அப்பத்தான் முடி இன்னும் அசிங்கமாச்சு. போனா போகுதுன்னு விட்டுட்டேன்."

"அங்கயே வேற எடுக்கச் சொல்லியிருக்கலாமே?"

"வேற எடுத்தாலும் நீ அங்கதானேக்கா நின்னிருப்ப?"

குத்திக்காட்டவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பொறாமைடி. வேற என்ன?" என்றேன். இத்தனை வயதில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்க்கா" என்றாள். "வெள்ளிக்கிழமை வந்துடு. நீ வராம நான் கதவைத் திறக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு தலைவலியைத் தயாராக வைத்திருந்தேன். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

வேலையில் உட்கார்ந்தேன். முதலில் என்னை எடுக்கவேண்டியிருந்தது. என்னை வைத்துக்கொண்டே மங்கலாக்கினால் என் கறுப்பு கசிந்து அவள் முடியைச் சுற்றிக் கறையாக நிற்கும். பக்கத்துச் சுவரை எடுத்து என் மேல் ஒட்டி ஒட்டி, நான் நின்ற இடத்தை வெறும் சுவராக்கினேன். பிறகு அவளைத் தனி அடுக்கில் பிரித்துவைத்துவிட்டு, சுவரை மட்டும் மிதமாக மங்கலாக்கினேன். அதற்கு மேல் ஒரிஜினலின் முடியை மெல்லிய பிரஷ்ஷால் இழை இழையாகத் திரும்பக் கொண்டுவந்தேன். கறுப்போடு கறுப்பாகிப் பிரிக்க முடியாத இடத்தில் மட்டும், பக்கத்து முடியிலிருந்து நிறத்தை எடுத்து, சுருள் போகிற போக்கிலேயே வரைந்தேன். நுனிகளைக் கொஞ்சம் மங்கவிட்டேன், கூர்மையாக விட்டால் ஒட்டவைத்தது தெரிந்துவிடும். மூன்று மணி நேரம் ஆனது. அவள் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான்க்கா நான்" என்று திரையைப் பார்த்துச் சிரித்தாள். என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

நானாக இருந்தால் அந்தப் படத்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் காட்டியிருப்பேன், "பாருங்க, எப்படிப் பாக்கறா பாருங்க" என்று. அவளோ என் முகத்தை மறைக்கத் தன் முடியைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட் என்று கேலியும் பேசிக்கொண்டிருக்கிறாள். முடியாவது பிறக்கும்போதே வந்தது, போகட்டும் என்று விடலாம். இந்த மனசும் அவளுக்கேதானா? படத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, அதை நினைத்து நினைத்து வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.