கட்டிலிலிருந்து தெரிந்த வாசல்

"இது ஒரு ஆள் எழுதினதில்லம்மா. எங்கேயோ சுட்டது" என்று தாள் கட்டை மேசையில் போட்டார் பதிப்பாளர்.

போன வருஷம் அவர் ஆசை ஆசையாய் வெளியிட்ட நாவல் பாதிக்கு மேல் திருட்டு என்று தெரிந்து, கடை கடையாய் ஏறி இறங்கிப் பிரதிகளைத் திரும்ப வாங்கிய மனிதர். அதிலிருந்து யார் சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பார்.

பிரதி திருத்துகிறவளுக்கு அந்த அலுவலகத்தில் 'சல்லடை' என்று பெயர். "பார்க்கிறேன் சார்" என்றாள்.

"சாயங்காலம் இதை எழுதின அந்தம்மா வருது. அச்சுக்குக் கொடுக்கிறதா, திருப்பிக் கொடுக்கிறதா? சலிச்சுச் சொல்லிடு."

சல்லடை ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்தாள். படுத்த படுக்கையான ஒரு மாமியார், பார்த்துக்கொள்கிற மருமகள். முதல் பத்தி, 'அவள் கதவைத் திறந்தாள். அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள்' என்று ஒழுங்காக இறந்த காலத்தில் போனது. அடுத்த பத்தியில் மருமகளே பேச ஆரம்பித்துவிட்டாள்: 'டம்ளரோடு நிற்கிறேன். உள்ளே போக மனசில்லை.' மூன்றாவது பத்தி ஒரே தாவாகக் கட்டிலுக்குத் தாவியது: 'முதுகு எரிகிறது. கண்ணாடியில் மருமகள் தெரிகிறாள். தண்ணீரோடு வாசலிலேயே நிற்கிறாள். பாவம், சலித்துப்போயிருக்கும். கண்ணை மூடிக்கொள்கிறேன்.'

அவள் தன் வழக்கப்படி ஓரங்களில் வண்ணக் கோடு போட்டுக்கொண்டே போனாள். இறந்த காலத்து 'அவள்' நீலம். நிகழ்காலத்து மருமகள் சிவப்பு. கட்டிலில் இருப்பவள் பச்சை. பச்சை கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் அவள் திரும்பத் திரும்பப் படித்ததெல்லாம் அந்தப் பச்சையைத்தான். அதுவே அவளை உறுத்தியது. மிச்சமெல்லாம் சுமாராக எழுதியவளுக்கு இது மட்டும் எப்படி வந்தது? சார் சொன்னது சரியாக இருக்குமோ? இப்படி ஒருத்தியைச் சந்தேகப்பட நேர்ந்ததே என்று கடவுளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள். சந்தேகத்தை மட்டும் விடவில்லை.

சாயங்காலம் எழுதியவள் வந்தாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற வேலை. வியர்க்க விறுவிறுக்க வந்தவளைப் பதிப்பாளர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. சல்லடைதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அந்தக் கட்டில் பத்தியெல்லாம் யார் எழுதினது?" என்றார் அவர், எடுத்த எடுப்பில்.

"நான்தான் சார்." முகம் வெளுத்துவிட்டது.

சல்லடை பச்சைக் கோடு போட்ட பத்தியை நீட்டினாள். "இதை மருமக பார்க்கிற மாதிரி மாத்திக் கொடுங்க. இறந்த காலத்துல."

வந்தவள் பேனாவை எடுத்தாள். 'முதுகு எரிகிறது' என்பதை அடித்துவிட்டு, 'அத்தை முதுகைப் படுக்கையில் தேய்த்துக்கொண்டாள்' என்று எழுதினாள். வலி வெளியே தெரியாது, தேய்ப்பது தெரியும் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. இவளுக்கு எழுதத் தெரியும் என்று சல்லடை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் கடைசி வரியான 'கண்ணை மூடிக்கொள்கிறேன்' வந்ததும் பேனா நின்றது.

"இதை மாத்த முடியாதுக்கா."

"பார்த்தியா!" என்றார் பதிப்பாளர்.

"மாத்தினா 'அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள்'னு ஆயிடும் சார். என் கண்ணுக்கு எங்க அத்தை தூங்கினாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டது எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் சல்லடை.

வந்தவள் பேனாவை மூடி வைத்தாள். "முதல்ல எழுதினது அவங்களைப் பார்த்துக்கிட்ட நாள்ல. எல்லாம் எரிச்சல். அப்புறம் நாவல்னா இப்படித்தான் இருக்கணும்னு 'அவள்'னு மாத்தினேன். அவங்க போனப்புறம் ஒருநாள், விரிப்பை மாத்தப் போனவ அலுத்துப்போய் அந்தக் கட்டில்லயே படுத்துட்டேன். எதிர்ல கண்ணாடி. நான் நிக்கிற இடம் பளிச்சுனு தெரிஞ்சுது. அவங்க எல்லாத்தையும் பார்த்திருக்காங்கக்கா. நான் சங்கடப்படக் கூடாதுன்னு தூங்குற மாதிரி கிடந்திருக்காங்க. அன்னிக்கு எழுதினதுதான் அது. மூணுலயும் எதையும் தூக்கிப் போட மனசு வரல. வெட்டி ஒட்டிட்டேன்."

"கதை நல்லா சொல்றீங்க" என்றார் பதிப்பாளர்.

சல்லடை இரண்டாம் அத்தியாயத்தைத் தேடிப் புரட்டினாள். கண்ணாடி என்றதும் ஏதோ நினைவு வந்தது. சிவப்புக் கோட்டில் இருந்தது: 'தலைமாட்டு ஜன்னலில் மரம் தெரியட்டும் என்று கண்ணாடியைச் சாய்த்து மாட்டுகிறேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.' இன்னொரு தாளில், நீலத்தில், ஜன்னலை ஒட்டியே வாசல் என்று இருந்தது; கண்ணாடியில் மரம் தெரிந்தால் வாசலும் தெரியும்.

"சார், மரம் பார்க்கட்டும்னு கோபக்காரி மாட்டின கண்ணாடி இது. அதே கண்ணாடியிலதான் கட்டில்காரி அவளைப் பார்க்கிறா. சிவப்பை எழுதினவளுக்கே அன்னிக்கு அது தெரியல. வேற எங்கேயோ இருந்து எடுத்து ஒட்டியிருந்தா இவ்வளவு சரியா வந்து உட்காராது."

பதிப்பாளர் இரண்டு தாளையும் வாங்கி மாறி மாறிப் படித்தார். நம்பாமல் மறுபடியும் படித்தார்.

"சரி, இந்தக் குழப்பத்தை என்ன பண்றது?"

"சிவப்பு எல்லாத்தையும் நீலமாக்கிடலாம். முழுக்க மருமக கண்ணு, இறந்த காலம். பேச்சுல வர்றதை மட்டும் தொட வேண்டாம். பச்சையை நடுநடுவுல விடாம, கடைசில தனி அத்தியாயமா சேர்த்துடலாம். அதுக்கு மட்டும் 'நான்', நிகழ்காலம். அதுவரைக்கும் படிக்கிறவங்களும் அந்தம்மா தூங்கினாங்கன்னே நம்பட்டும்."

வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். "முதுகு எரிஞ்சதை மறுபடி எழுதிக்கலாமாக்கா?"

"எழுதிக்கோங்க. அங்கே அது அவங்க முதுகு."

பதிப்பாளர் எழுந்து வெளியே கூடத்து மூலைக்குப் போனார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பியவர், அறை வாசலில் டம்ளரோடு ஒரு கணம் தயங்கினார். வந்தவள் தாளைப் பார்த்தபடியே இருந்தாள். அவர் உள்ளே வந்து, டம்ளரை அவள் கையெட்டும் தூரத்தில் வைத்தார்.