லுஹர் எங்க?

ரீல் போட்டு ஒரு கிழமை. லைக் அள்ளிக் கொட்டுது, புக்கிங் ஒண்டுமில்ல. ஹஜ்ஜுப் பெருநாளோட கலியாண சீசன் தொடங்கப் போகுது. இந்த சீசன் கைவிட்டா கல்முனையில என்ட சலூன் கதவைச் சாத்த வேண்டியதுதான். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அதுக்குள்ள ஒரு கொமன்ட். ரோசாப்பூப் படம் வச்ச கணக்கு. ரெண்டே சொல்லு: "லுஹர் எங்க?" அழிச்சன். திரும்பவும் வந்திச்சு.

"ஆருடி இவ? மத்தக் கடைக்காரி ஏவி விட்டவளா?" எண்டன். ஸ்க்ரிப்டை எழுதின என்ட மச்சி றுக்ஸானா, ரீலைத் திரும்பப் போட்டாள். அவள்ட குரல்தான்:

"எங்கட பேக்கேஜில மேக்கப், தலைமுடி, சாரி, ஹிஜாப், முதல் நாள் மருதோண்டி எல்லாம் அடங்கும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் எண்டா பத்தரைக்கு வாங்க. பதினொண்டரைக்கு மேக்கப், ஒண்டரைக்கு சாரியும் ஹிஜாபும், மூணுக்கு நீங்க ரெடி. புக்கிங்குக்கு வாட்ஸ்அப்பில திகதியும் நிக்காஹ் நேரமும் அனுப்புங்க. நாள் காலியா எண்டு சொல்லுவம். ட்ரயல் பாத்து அட்வான்ஸ் தந்தா நாள் உங்கட."

"இதில என்ன பிழை?" எண்டாள் றுக்ஸானா. எனக்கும் விளங்கல்ல. ஆனா மண்டைக்குள்ள குடைச்சல். ஆத்திரத்தில அந்த ரோசாப்பூக் கணக்குக்கு வொய்ஸ் அனுப்பினன்: "தைரியம் இருந்தா கடைக்கு வந்து கதைங்க!"

வந்தாள். சம்மாந்துறைப் புள்ள, பேர் ஹப்ஸா. கலியாணப் பொண்ணு!

"என்ட கூடப்பிறந்த ராத்தாட கலியாணத்துக்கு வேற இடத்தில மேக்கப் போட்டாங்க," எண்டாள். "மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக்குள்ள அரை முகம் பூசியாச்சு. தொழ முதல் முகம் கை கழுவி ஒழு எடுத்தா எல்லாம் கழுவுப்படும். கலியாண நாளில தொழுகை நேரம் தப்பிக் கழாவாகிட்டு. அழுதா. அழுததால மேக்கப் கலைஞ்சிட்டெண்டு அதட்டினாங்க, ஏன் அழுறா எண்டு ஆரும் கேக்கல்ல. எனக்கு அப்பிடி நடக்கக் கூடா."

படைச்சவனே! நானும் தொழுறவள்தானே, இது என்ட மண்டையில ஏறல்லியே. வெக்கமாப் போச்சு.

"பத்துக்கே வா புள்ள," எண்டன். "தலைமுடியையும் சாரி மடிப்பையும் முதல்ல முடிப்பம். பாங்கு சொன்னதும் ஒழு எடுத்துத் தொழு. அதுக்குப் பிறகுதான் முகத்தில கை வைப்பன். ஒழு முறியாட்டி அஸரையும் அதே முகத்தோட தொழலாம்."

முகம் மலர்ந்திட்டு அவளுக்கு. "அப்ப அட்வான்ஸ்?" எண்டன்.

"ரீலை மாத்துங்க. பிறகு தாறன்."

"ஏன்டி? உனக்குத்தான் சொல்லிட்டனே!"

"ஓம், நான் கேட்டன், சொன்னீங்க. கேக்கப் பயந்து அழுற புள்ளைகளுக்கு ஆரு சொல்றது?"

றுக்ஸானா புது ரீல் எடுக்கப் போனை எடுத்து, கேமராவை என்ட பக்கம் திருப்பினாள்.