முகம் மட்டும் மாற்றிய படம்

ஸ்ரூடியோவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த அம்மாவைக் கஜானிக்குத் தெரியாது. ஆனால் அவர் நீட்டிய கைபேசியில் இருந்த ஆளைத் தெரியும். பனி மூடிய தெருவோரத்தில், இரும்புக் கம்பியொன்றைப் பிடித்தபடி, தடித்த குளிர்ச்சட்டையோடு நின்றான் அவன். போன மாதம் இதே மேசையில் இருந்து கணினியில் அவனைச் செய்தவள் அவள்தான்.

"இவனைப் பெரிசாக்கித் தா பிள்ளை. என்ரை மோன், பேதுரு. காணாமல் போனவன். இப்ப கிடைச்சிட்டான்."

குருநகரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். பெயர் லூர்த்தம்மா. வெயிலில் சிவந்திருந்த முகத்தில் சிரிப்பு அடங்க மறுத்தது.

"வெளிநாட்டிலை இருக்கிறானாம். விசாப் பேப்பர் சரி வரேல்லை, அதாலை கதைக்க ஏலாதாம். என்ரை மகள் ஜெசிதாதான் கண்டுபிடிச்சவள். இனி நான் மற்றத் தாய்மாரோடை ரோட்டுக்கரையிலை படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கத் தேவையில்லை. நாளைக்குக் காணாமல் போன ஆக்களைத் தேடுற கந்தோருக்குப் போய்ப் பேரை வெட்டச் சொல்லப் போறன். பைலை மூடினால் மூடட்டும். என்ன?"

"ஓம் அம்மா" என்றாள் கஜானி.

ஜெசிதா ஒஸ்லோவிலிருந்துதான் அந்த வேலையைக் கேட்டிருந்தாள். இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்று, அண்ணனுடைய மங்கிய அடையாள அட்டைப் படம். மற்றது, கணவனோடு வேலை செய்யும் ஒருவர் பனியில் நிற்கும் படம். 'உடம்பு, உடுப்பு, கை எதையும் மாத்த வேண்டாம். முகம் மட்டும் அண்ணையின்ரை வேணும், இப்பத்தைய வயசுக்கு. வீட்டுச் சுவரிலை கொழுவ' என்று எழுதியிருந்தாள். கஜானியும் நம்பினாள். இறந்துபோன தகப்பனைக் கலியாணப் படத்தில் நிறுத்தித் தரும்படி இந்த ஸ்ரூடியோவுக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள்.

வேலை சுலபமாக இருக்கவில்லை. வழிகாட்டி இல்லாமல் விட்டால் கணினி தன் மனம்போனபடி வரையும். முழுப்படத்தையும் வெறும் புள்ளிகளாகக் கலைத்துக் கணினி திரும்ப வரைந்தபோது தோள் சரிந்தது, சட்டை வேறு சட்டையானது. அதனால் முகத்தை மட்டும் மறைப்பிட்டு, அந்த இடத்தை மாத்திரம் புதிதாக உருவாக்கச் சொன்னாள். அப்போது புது முகம் கழுத்தோடு சேராமல் வேறு பக்கம் பார்த்தது. அதற்குத்தான் இரண்டு வரைபடங்கள். ஒன்று நிலை வரைபடம். கறுப்பின்மேல் நிறக் குச்சிகளால் ஆன மனிதன். மூக்கும் கண்ணும் காதும் வெறும் புள்ளிகள். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அது சொல்லும். மற்றது விளிம்பு வரைபடம். படத்திலுள்ள ஒவ்வொரு ஓரத்தையும் வெள்ளைக் கோடாக்கிக் காட்டும். கழுத்துப்பட்டியும் தொப்பியும் தோளும் இருந்த இடத்திலேயே இருக்க அது வேண்டும்.

முதல் தடவை அவள் ஒரு பிழை விட்டாள். விளிம்பு வரைபடத்தில் முகத்துக்குள் கிடந்த கோடுகளை அழிக்கவில்லை. பேதுருவின் கண்ணோடு அந்நியனின் தாடை வந்து நின்றது. பிறகு தாடையை, உதட்டை, புருவத்தை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுக் கணினியை மறுபடி வரையவிட்டாள். மெல்ல மெல்ல, பனிக்குள்ளிருந்து யாரோ நடந்து வருவதுபோல அந்த முகம் தெளிந்து வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குத் தன்மேலேயே ஒரு பெருமை இருந்தது.

"என்ன யோசிக்கிறாய்? போடு திரையிலை" என்றார் லூர்த்தம்மா.

கைபேசியில் வந்தது தெளிவு குறைந்து நசுங்கிய பிரதி. கஜானி தன் கணினியிலிருந்த மூலப்படத்தையே திறந்தாள். பேதுரு திரை முழுக்க விரிந்தான். லூர்த்தம்மா மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். நெற்றியைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டார். தோள்வழியே இறங்கி, கம்பியைப் பிடித்திருந்த இடது கைக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றது.

கம்பியைச் சுற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பிள்ளை, விரல் முளைக்குமோ?"

"என்னம்மா?"

"வலைக் கயித்துக்குள்ளை அம்பிட்டு அவனுக்கு இந்த விரல் பாதியிலை போனது. நான்தான் சீலைத்துணியாலை சுத்தி ஆசுபத்திரிக்கு ஓடினனான். ஜெசிதா அப்ப சின்னப்பிள்ளை, நினைவிராது." அவர் திரும்பவில்லை. "இதிலை அஞ்சு விரலும் கிடக்கு."

பின்மேசையிலிருந்த றஜிந்தன், இந்த வேலையை அவளுக்குப் பழக்கியவன், கதிரையை உருட்டிக்கொண்டு வந்து காதருகே குனிந்தான்.

"விரலுக்கு ஒரு மறைப்புப் போடும். விளிம்புக் கோட்டை அழிச்சால் பாதி விரல் வந்திடும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். கமராப் பிழையெண்டு சொல்லும். மனுசி சந்தோசமாய்ப் போகட்டும், பாவம்."

"பாவமெண்டுதான் யோசிக்கிறன், அண்ணை."

"உமக்கு என்ன விசரே? மகள் கேட்டது, நீர் செய்தது. உது குடும்பக் கதை."

அவன் சொன்னது உண்மைதான். செய்துவிடலாம். கஜானி விளிம்பு வரைபடத்தைத் திறந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள்: தொப்பி, கழுத்துப்பட்டி, சட்டை மடிப்புகள், கம்பி, ஐந்து விரல்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் அவளே அழித்த ஓட்டை. அழிப்பானை அந்த விரலின் நுனிக்குக் கொண்டுபோனாள். விரலைக் குறைத்துவிட்டால் லூர்த்தம்மாவிடம் சந்தேகப்பட எதுவும் மிஞ்சாது. நாளைக்குக் காலையில் கந்தோருக்குப் போவார். பேர் வெட்டுப்படும். அதற்குப் பிறகு பேதுருவை யாரும் தேடமாட்டார்கள்.

அவள் கையை எடுத்தாள். திரையை லூர்த்தம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இந்த உடம்பு வேறை ஒராளின்ரை. முகத்தை நான்தான் வைச்சனான். உங்களுக்குக் காட்டி நம்ப வைக்கத்தான் எண்டு எனக்குத் தெரியாது."

றஜிந்தன் "சரி, போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனான்.

லூர்த்தம்மா அழவில்லை. கோடுகளுக்கு நடுவே கிடந்த ஓட்டையில் விரலை வைத்தார். கீழே சந்தையில் யாரோ வெங்காயம் கூவினார்கள்.

"அப்ப, இந்த ஓட்டைக்குள்ளை இருந்தது ஆர்?"

"ஜெசிதா அக்காவுக்குத் தெரிஞ்ச ஒராள். பேர் தெரியாது."

"அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள்." கண்ணாடியைக் கழற்றினார். "என்னட்டை இவ்வளவு காலமும் முகம் இருந்தது, உடம்பில்லை. உன்னட்டை உடம்பு கிடக்கு, முகமில்லை. ரெண்டையும் ஒட்டினால் என்ரை மோன் வந்திடுவானோ?"

கஜானி அந்த வரைபடத்தை மூடினாள்.

கைபேசி அடித்தது. 'ஜெசிதா' என்று மின்னியது. லூர்த்தம்மா பெயரைப் பார்த்துவிட்டு அதைக் காதில் வைத்தார்.

"ஓம் மோள்... ஓம், ஸ்ரூடியோவிலைதான் நிக்கிறன்... பாத்தனான், பாத்தனான். நல்ல வடிவாய் இருக்கிறான். கொஞ்சம் கொழுத்திட்டான் என்ன?" குரல் உடையவில்லை. "கந்தோரோ? ஓ, போறன், போறன். நீ அழாதை. குளிருக்கை நிக்காமல் உள்ளுக்குப் போ, பிள்ளைத்தாச்சி."

கைபேசியை வைத்தார். இவ்வளவு நேரமும் சிரிப்பு இருந்த இடம் முகத்தில் வெறுமையாய்க் கிடந்தது.

"அவள் கெதியிலை பெறப்போறாள். நான் வெயிலுக்கை கிடந்து சாகக்கூடாதெண்டுதான் இந்த வேலையைச் செய்திருக்கிறாள். நான் நம்பினதாயே அவள் நினைச்சுக்கொண்டிருக்கட்டும்."

"கந்தோருக்கு?"

"போவன். பேரை வெட்ட இல்லை. இன்னும் தேடச் சொல்ல."

பைக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய ஓர் அட்டையை எடுத்தார். வெயிலில் வெளிறி, மழையில் ஊறி, கண் எது வாய் எது என்று தெரியாமல் போயிருந்தது. அதே அடையாள அட்டைப் படம்.

"நாளைக்கு இதைத்தான் பிடிக்கவேணும். பெரிசாக்கித் தா. ஆனால் ஒண்டும் வடிவாக்காதை."

கஜானி அதை வாங்கி வருடியின் கண்ணாடியில் கவிழ்த்தாள். ஒளிக்கோடு மெல்ல நகர்ந்தது. திரையில் மங்கல் முகம் வந்தது, கழுத்தோடு வெட்டுப்பட்டு. அதற்குக் கீழே எதுவும் இல்லை. அவள் எதையும் சேர்க்கவில்லை.