சாவி தெரியும் தூரம்

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். பெண்ணைப் பெற்றவர் கண்ணில் ஈரம் கோத்தால் போதும், அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வயலின் போட்டு, பந்திக்கு முந்தி ஓடிய சித்தப்பாவைக்கூட அழவைத்துவிடுவேன். இந்தத் திறமைக்குத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டாள் என்று நினைத்தேன். உண்மையில் அவளுக்குத் தெரிந்த கேமராக்காரன் நான் ஒருவன்தான், அதுவும் ஓசியில் வருபவன்.

அக்கா பஸ் கண்டக்டர். அவள் டிப்போவில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டினார்கள், பளபளவென்று டைல்ஸ் எல்லாம் பதித்து. கட்டி முடித்த அன்றே பூட்டினார்கள். திறந்தால் அழுக்காகிவிடுமாம், மேலதிகாரி பார்வையிட வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சாவி டைம் கீப்பர் பொறுப்பில். அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார். கேட்டால், "சாவி என்கிட்ட இல்லம்மா, ஆபீஸ்ல கேளு" என்பார். ஆபீஸில் கேட்டால் ஸ்டோரில் கேட்கச் சொல்வார்கள். ஸ்டோரில் டைம் கீப்பரைக் கேட்கச் சொல்வார்கள். அதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

அதனால் அக்கா வேலை நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்து சுருண்டு கிடந்தாள். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, கூட வேலை பார்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வீதி நாடகம் போட்டாள். பெயர் 'சாவி யாரிடம்?' எட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்தால் பஸ். அதே எட்டுப் பேரில் நாலு பேர் கை கோத்து நின்றால் கழிப்பறைக் கதவு. அக்கா கண்டக்டர். அவசரம் தாங்காமல் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பாள். டிப்போ மெக்கானிக் அண்ணன் காலி எண்ணெய் டிரம்மில் தாளம் தட்டுவார். பார்ப்பவர்களுக்குச் சிரித்துச் சிரித்தே ஒண்ணுக்கு வந்துவிடும்.

இரண்டே தடவைதான் போட்டார்கள். டிப்போ வளாகத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தொழிற்சங்கத்தின் பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை. அங்கே இருப்பதெல்லாம் ஆண்கள், கழிப்பறை என்றாலே செருமிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறவர்கள். கூட்டம் தொடங்கும்போது வீடியோவாகப் போட்டுக்கொள் என்று செயலாளர் ஏழு நிமிடம் ஒதுக்கினார். அது அவர்களைத் தொட்டால் கோரிக்கைப் பட்டியலில் கழிப்பறை ஏறும். தொடவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் அக்கா வாயைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நிற்க வேண்டும். மூன்றாவது கல் அதுவரை காத்திருக்குமா என்று டாக்டருக்கே தெரியாது.

நான் என் தொழிலைக் காட்டினேன். யூனியன் ஆபீஸ் பின்னால் ஆளில்லாத இடத்தில் அவர்களை நடிக்கவைத்து, யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்துக்கே போனேன். எல்லாம் குளோசப். அக்காவின் நெற்றி வியர்வை. மெக்கானிக் அண்ணனின் விரல். வயலின் உண்டு. ஸ்லோ மோஷன் உண்டு. இவ்வளவு நல்ல வேலையை ஓசியில் செய்துவிட்டோமே என்று கொஞ்சம் வயிறும் எரிந்தது.

அக்கா வீட்டு டிவியில் போட்டுக்காட்டினேன். நாடகக் கூட்டம் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"யாருடா செத்தது?" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"இரங்கல் கூட்டத்துக்கு எடுத்த மாதிரி இருக்கே. அடியில என் பேரையும் தேதியையும் போட்டா முடிஞ்சுது."

மெக்கானிக் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, கோச்சுக்காத. பஸ் எங்க?"

"அதான்ணே, எட்டுப் பேரும் வர்றாங்களே."

"எட்டு மூஞ்சி வருது. எல்லாம் வயித்துவலிக்காரன் மூஞ்சி. பஸ் வரலையேப்பா."

எனக்குச் சுருக்கென்றது. தொழில் தெரிந்தவனுக்கு டிரம் தட்டுகிறவர் பாடம் எடுக்கிறாரே என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் ஸ்டுடியோ கடைக்குப் போய், அவர்கள் சொன்னது தப்பு என்று நிரூபிக்க, எடுத்ததையெல்லாம் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். படம் தொடங்குமுன் வெளிச்சம் சரிபார்க்கச் சும்மா தூரத்திலிருந்து எடுத்த ஒரு துண்டு இருந்தது. எட்டுப் பேரும் தலை முதல் கால் வரை தெரிந்தார்கள். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் குலுங்கித் திரும்பியது. தப்பித்தவறி அந்தப் பக்கமாகப் பையோடு வந்த ஒரு பெரியவர் நின்று, சிரித்து, கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தப் பார்த்தார். நானும் சிரித்துவிட்டேன். மொத்தப் படத்திலும் உயிரோடு இருந்தது அந்தக் குப்பைத் துண்டு ஒன்றுதான். என் குளோசப்புகளெல்லாம் பஸ்ஸை உடைத்து உதிரிபாகமாக விற்றிருந்தன.

மானத்தை மடித்து வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "இன்னொரு தடவை எடுக்கலாம். ஆனா ஆள் நடமாட்டம் இருக்கிற தெருவுல."

"வயலின்காரரும் வர்றாரா?"

"வைக்கா போனை."

சனிக்கிழமை மார்க்கெட் பின்தெருவில் போட்டார்கள். அது டிப்போ வளாகம் இல்லை, நோட்டீஸ் அங்கே செல்லாது. என்னிடம் ஒரே கேமரா. அதனால் நாடகத்தை முழுசாக மூன்று முறை நடிக்கச் சொன்னேன். முதல் முறை நேர் எதிரில், எட்டுப் பேரும் இரண்டு ஓரத்தில் கூட்டமும் தெரியும் அளவுக்குத் தள்ளி நின்றேன். யார் பேசினாலும் கேமராவை அந்தப் பக்கம் திருப்பவில்லை. கை நமநமவென்றது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது முறை கொஞ்சம் பக்கவாட்டில், பார்ப்பவர்களின் தலைகளுக்குப் பின்னாலிருந்து. ஆனால் பஸ்ஸின் அதே பக்கத்தில்தான் நின்றேன். எதிர்ப்பக்கம் போய் எடுத்து ஒட்டினால் போகிற பஸ் திடீரென்று திரும்பி வருவது போலத் தெரியும். மூன்றாவது முறை மட்டும் நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் போய், கூட்டத்தைப் பார்த்து நின்றேன். கடைசிக் காட்சிக்கு அது வேண்டும்.

கடைசிக் காட்சி இதுதான். அக்கா கதவின் முன்னால் குதித்துக்கொண்டே, "சாவி யாருகிட்ட?" என்று கத்துவாள். ஒருவர் அடுத்தவரைக் காட்டுவார், அவர் அடுத்தவரை. விரல் வேகமாகச் சுற்றி வந்து, டிரம்மில் ஒரு பெரிய அடி விழ, எல்லா விரலும் ஒன்றாகக் கூட்டத்தை நோக்கி நீளும்.

கடையில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தபோதுதான் தலைவலி தெரிந்தது. வீதி நாடகக்காரர்கள் ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்ல மாட்டார்கள். முதல் முறை அக்கா பயணியைத் திட்டினாள், இரண்டாவது முறை மந்திரியைத் திட்டினாள். ஆனால் தூரத்தில் உதடு யாருக்குத் தெரியப்போகிறது? சிரிப்பு அதிகம் இருந்த இரண்டாவது முறையின் ஒலியை அடியில் அப்படியே ஓடவிட்டேன். படம் அதன் மேல் மாறி மாறி வந்தது. கோணம் மாறுகிற இடமெல்லாம் காலை ஓங்கி மிதிக்கிற இடம், பஸ் உடைந்து கதவாகிற இடம். மிதி பாதியில் இருக்கும்போது வெட்டினால் மீதி மிதி அடுத்த ஷாட்டில் விழும், ஒட்டு தெரியாது. டிரம் சில இடத்தில் முந்திக்கொண்டது. அங்கெல்லாம் கூட்டம் சிரிப்பதைச் செருகிச் சமாளித்தேன்.

கடைசி ஷாட்டுக்கு வந்தேன். முதுகுகள், நீண்ட விரல்கள், எதிரே கூட்டம். கூட்டத்தின் கடைசியில், பூட்டிய கடைப் படியில் ஏறி நின்று ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நீண்ட அந்த நொடியில் அவர் கை தானாக மேலே போய்ச் சட்டைப் பையைப் பொத்தியது. விரலிடுக்கில் சிவப்பாக ஏதோ தொங்கியது.

அக்காவை உடனே வரச் சொன்னேன். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டேய், டைம் கீப்பர்டா! வேவு பார்க்க வந்திருக்கான் பாவி! பெருசாக்கு. மூஞ்சியைக் காட்டு, பையைக் காட்டு, ஸ்லோ மோஷன் போடு!"

"வயலின்?"

"போடுடா, அதையும் போடு!"

ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஆசை யாரை விட்டது? புள்ளி புள்ளியாக உடைந்த ஒரு முகம், ஒரு கை. போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார். பெரிதாக்கியதை நீக்கிவிட்டேன்.

"வேண்டாம்க்கா. நாம பிடிச்சுக் காட்டினா, பாவம் அவனை மாட்டிவிட்டோம்னு அவன் பக்கம் பேசுவாங்க. தூரத்துலயே இருக்கட்டும். அவங்களே பார்க்கட்டும்."

"பார்க்கலைன்னா?"

"அந்த ஷாட்டை ரொம்ப நேரம் வெட்டாம விடறேன்" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பாசம் ஒரு சொட்டுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெரிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். லேப்டாப் பக்கத்தில் நான், சுவரோரம் அக்கா. படம் ஓடியது. பஸ் வந்ததும் சிரித்தார்கள். ஒற்றைக்கால் குதிக்கு மேசையைத் தட்டினார்கள். விரல் சுற்றியது, டிரம் அடித்தது, கடைசி ஷாட் வந்து நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. சிரிப்பு அடங்கி நாற்காலிகள் நகர்ந்தன. செயலாளர் அடுத்த தாளைப் புரட்டினார். அந்தத் தூரத்து ஷாட்டையும் என்னையும் சேர்த்து மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

அப்போது நடுவரிசையில் ஒரு டிரைவர் எழுந்தார். "யோவ், அந்தப் படிமேல பாருய்யா. பையைப் பொத்துறாரு!"

"எங்க?"

"பின்னாடி! சிவப்பு நாடா!"

ஆளாளுக்கு எழுந்து கைநீட்டினார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. போனது கடைசி வரிசையில் முட்டியது. ஏனென்றால் டைம் கீப்பரும் சங்க உறுப்பினர்தான், அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் கை மறுபடியும் பைக்குப் போனது.

"என்மேல என்னங்க தப்பு? பூட்டச் சொன்னாங்க, பூட்டினேன்" என்றார். பரிதாபமாகத்தான் இருந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்த அந்த டிரைவர் மட்டும் மெதுவாக, "நம்ம பொண்ணுங்க இத்தனை நாள் எங்கய்யா போச்சுங்க?" என்று கேட்டார். அதன்பிறகு மண்டபத்தில் சிரிப்பு இல்லை. செயலாளர் புரட்டிய தாளைத் திருப்பி வைத்து, பட்டியலின் மேலே எழுதினார். டைம் கீப்பர் எழுந்து வந்து, சாவியை நாடாவோடு மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அக்கா அந்தச் சாவியை எடுக்கக்கூட இல்லை. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அன்று மாலை அவளுக்கு டியூட்டி. அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்து நரம்பு ஏறி இறங்க, கண்ணோரம் ஈரம் வழிய வழிய முழுவதையும் குடித்தாள்.

அங்கே நான் குளோசப்தான் வைத்திருப்பேன். கேமராவைக் கொண்டுவரவில்லை.

"என்னடா முழிக்கிற?" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. "இன்னொரு பாட்டில் எடு."